ஓவர்டிராஃப்டா, டெர்ம் லோனா? எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி எப்படி விழுகிறது

ஓவர்டிராஃப்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "எடுத்ததுக்கு மட்டும்தான் வட்டி, எடுக்காததுக்கு இல்லை" என்பார்கள். சரிதான். ஆனால் டெர்ம் லோனிலும் இன்னும் கட்டாமல் நிற்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி விழுகிறது. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

டெர்ம் லோனில் முழுத்தொகையும் பெரும்பாலும் ஒரே தடவையில் கைக்கு வந்துவிடும். பிறகு மாதாமாதம் தவணை கட்டுவீர்கள், அசல் படிப்படியாகக் குறையும். கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஓவர்டிராஃப்டில் வங்கி ஒரு லிமிட் மட்டும் போட்டுக் கொடுக்கிறது. அந்த எல்லைக்குள் இன்று எடுக்கலாம், நாளை போடலாம், மறுநாள் மறுபடியும் எடுக்கலாம். பாக்கி ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கும், வட்டியும் கூடவே ஏறி இறங்கும்.

ஆக, எது லாபம் என்பதை வட்டி விகிதம் மட்டும் முடிவு செய்வதில்லை. நீங்கள் போடும் பணம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்ன அட்டைப்பெட்டிப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். தாள் வாங்கி, பெட்டி செய்து, கடனுக்கு விற்கிறார்கள். வாடிக்கையாளர் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துதான் பணம் தருவார். எல்லாத் தொகைகளும் வெறும் எண்களாகவே இருக்கட்டும், எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான்.

## முதல் படி: எதற்குப் பணம் என்று பிரித்து எழுதுங்கள்

பட்டறைக்காரருக்கு இரண்டு தேவைகள். ஒன்று, 4,00,000 விலையுள்ள ஒரு வெட்டும் இயந்திரம். இன்னொன்று, தாள் வாங்குவதற்கும் கூலி கொடுப்பதற்குமான மாதாந்தரப் பணம். இரண்டையும் கூட்டி "மொத்தம் ஏழு லட்சம் வேணும்" என்று வங்கியில் போய் நிற்பதுதான் பலரும் செய்வது. கேட்டவுடன் எது கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அதற்கு முன் ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் திரும்பி வரும் பணத்தை எழுதுங்கள், வலப்பக்கம் மெல்லத் தேறும் பணத்தை எழுதுங்கள். தாளுக்குக் கொடுத்தது பெட்டியாகி, பில்லாகி, அறுபது எழுபது நாளில் முழுசாகத் திரும்பும். அது இடப்பக்கம். இயந்திரத்துக்குப் போட்டது அப்படி ஒரே மூச்சில் வராது. மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, லாபத்தின் ஒரு துண்டாக, மூன்று வருடத்தில் தேறும். அது வலப்பக்கம்.

இடப்பக்கம் ஓவர்டிராஃப்டுக்கு, வலப்பக்கம் டெர்ம் லோனுக்கு. எந்தப் பக்கம் என்று தெரியாமல் திணறவைப்பவை சில உண்டு. வாடகை முன்பணம், கடையை மராமத்து செய்வது, பழைய கடனை அடைப்பது போன்றவை. இவையெல்லாம் வலப்பக்கம்தான். கொடுத்த பணம் விற்பனை வழியாக மூன்று நான்கு மாதத்துக்குள் முழுதாகத் திரும்பாது என்றால், யோசிக்காமல் அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

## இரண்டாம் படி: ஒரு மாதத்து வட்டியை நீங்களே போட்டுப் பாருங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாகவே நிற்போம்.

லிமிட் 5,00,000. வட்டி வருடத்துக்கு 12 சதவீதம். பெரும்பாலான வங்கிகள் ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது நிற்கும் பாக்கியை எடுத்து அன்றைய வட்டியைக் கணக்கிடும். மாதக் கடைசியில் எல்லா நாள் வட்டியையும் கூட்டி ஒரே வரியில் பற்று எழுதும். நாள் நடுவில் நடக்கும் ஏற்ற இறக்கத்தை இந்த முறை பார்ப்பதில்லை. காலையில் எடுத்து மாலைக்குள் திருப்பிப் போட்ட பணத்துக்கு வட்டி இல்லை.

பட்டறையின் 30 நாள் மாதம் ஒன்று இப்படிப் போகிறது என்று வையுங்கள். மாதத் தொடக்கத்தில் பாக்கி ஏதும் இல்லை. 3ஆம் தேதி தாள் வாங்க 2,00,000 போகிறது. 10ஆம் தேதி கூலி, வாடகைக்கு 1,00,000. 18ஆம் தேதி ஒரு வாடிக்கையாளர் 1,80,000 தருகிறார். 25ஆம் தேதி பசை, கயிறு, வண்டி வாடகை என்று 60,000. 29ஆம் தேதி இன்னொரு பெரிய பில் வசூலாகி 2,30,000 வருகிறது.

| தேதி | நாள் முடிவில் பாக்கி | எத்தனை நாள் | பாக்கி × நாள் |
|---|---|---|---|
| 1–2 | 0 | 2 | 0 |
| 3–9 | 2,00,000 | 7 | 14,00,000 |
| 10–17 | 3,00,000 | 8 | 24,00,000 |
| 18–24 | 1,20,000 | 7 | 8,40,000 |
| 25–28 | 1,80,000 | 4 | 7,20,000 |
| 29–30 | பாக்கி இல்லை, 50,000 கையிருப்பு | 2 | 0 |

கடைசிப் பத்தியைக் கூட்டினால் 53,60,000. அதை 12 சதவீதத்தால் பெருக்கி 365ஆல் வகுத்தால் 1,762. இதுதான் அந்த மாத வட்டி.

இந்தக் கூட்டுத்தொகையை 30ஆல் வகுத்தால் 1,78,667 வரும். அதாவது ஐந்து லட்சம் லிமிட் வைத்துக்கொண்டு, உச்சத்தில் மூன்று லட்சம் எடுத்து, சராசரியில் ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்று மேல்தான் பயன்படுத்தியிருக்கிறார். வட்டியும் அதற்குத்தான். "எடுத்ததற்கு மட்டும் வட்டி" என்ற வாக்கியத்தில் எடுத்தது என்பது உச்சத் தொகையும் இல்லை, லிமிட்டும் இல்லை. நாள்களோடு பெருக்கிய இந்தச் சராசரிதான்.

இதையே டெர்ம் லோனாக எடுத்திருந்தால்? உச்சத் தேவை 3,00,000. வட்டி கொஞ்சம் குறைவாக 10.5 சதவீதம் என்றே வையுங்கள். முதல் 30 நாளுக்கு வட்டி 2,589. விகிதம் குறைவு, வட்டி அதிகம். பணம் தேவைப்படாத நாள்களிலும் மூன்று லட்சத்துக்கு வட்டி ஓடுவதால் வரும் வித்தியாசம் இது.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. அந்த டெர்ம் லோனை 36 மாதத்தில் அடைப்பதாக இருந்தால் மாதத் தவணை சுமார் 9,751. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அசலில் கிட்டத்தட்ட 90,000 கட்டி முடிந்திருக்கும். நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் பட்டறைக்கு அப்போதும் ஒவ்வொரு மாதமும் மூன்று லட்சம் தேவைப்படும். கடன் சுருங்கிவிட்டது, தேவை சுருங்கவில்லை. அந்த 90,000 லாபத்திலிருந்து நிரம்பவில்லை என்றால் தாள்காரருக்குப் பாக்கி வைக்க வேண்டி வரும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு விகிதங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், தேவைப்படும் தொகையில் எட்டில் ஏழு பங்குக்கு மேல் வருடம் முழுவதும் எடுத்தபடியே இருப்பவருக்கு டெர்ம் லோன்தான் மலிவு. 10.5ஐ 12ஆல் வகுத்தால் 0.875. உங்கள் வங்கி சொல்லும் இரண்டு விகிதங்களையும் இப்படி வகுத்துப் பாருங்கள்.

வங்கி எழுதிய வட்டி சரிதானா என்று பார்க்க, விரிதாளில் A பத்தியில் தேதி, B பத்தியில் நாள் முடிவு இருப்பு என்று போடுங்கள். பாக்கி இருந்தால் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். C பத்தியில் இதை எழுதி முப்பது வரிக்கும் இழுத்துவிடுங்கள்:

```
=MAX(0,-B2)*0.12/365
```

அடியில் கூட்டுத்தொகை:

```
=SUM(C2:C31)
```

ஒன்றிரண்டு ரூபாய் அளவுக்கு வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் வந்தால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். சில வங்கிகள் வருடத்துக்கு 360 நாள் என்று கணக்கிடும், அப்படியானால் மேலே சொன்ன 1,762 என்பது 1,787 ஆகும். அல்லது மாத நடுவில் விகிதம் மாறியிருக்கும். மூன்றாவது காரணம் காசோலை. நீங்கள் போட்ட நாள் வேறு, அது வசூலாகிப் பணமான நாள் வேறு. பாக்கி வட்டிக்காகக் குறைவது இரண்டாவது தேதியில்தான். கணக்கு அறிக்கையில் வரவு தேதியோடு மதிப்புத் தேதி என்று இன்னொரு பத்தி இருந்தால் அதைப் பாருங்கள்.

## மூன்றாம் படி: வட்டியைக் குறைப்பது கையில்தான் இருக்கிறது

டெர்ம் லோனில் தவணையை முன்கூட்டிக் கட்டுவதைத் தவிர நீங்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை. ஓவர்டிராஃப்டில் ஒவ்வொரு நாளும் ஏதாவது செய்யலாம். அதைச் செய்யாதவர்கள் அதன் பாதி நன்மையை விட்டுவிடுகிறார்கள்.

மேலே உள்ள மாதத்தில் 18ஆம் தேதி வந்த 1,80,000ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது காசோலையாக வந்து, வேலை மும்முரத்தில் மேசை டிராயரில் ஐந்து நாள் கிடந்து, 23ஆம் தேதி கணக்கில் சேர்ந்தது என்றால், அந்த மாத வட்டி 296 கூடும். ஒரே ஒரு காசோலைக்கு இது. கணக்கு எழுதப் போகும் இடங்களில் நான் டிராயரைத்தான் முதலில் திறக்கச் சொல்வேன். சிரிப்பார்கள். திறந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

இன்னொரு பழக்கம், வசூல் பணத்தைத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொண்டு ஓவர்டிராஃப்டைப் பாக்கியிலேயே விட்டிருப்பது. "கையில் கொஞ்சம் இருக்கட்டுமே" என்ற மனநிலைதான் காரணம். சேமிப்புக் கணக்கில் கிடைக்கும் வட்டி இங்கே கொடுக்கும் வட்டியில் ஒரு சிறு பகுதிதான். வசூல் முழுக்க ஓவர்டிராஃப்ட் கணக்கிலேயே விழட்டும். தேவைப்படும்போது அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம், அதற்குத்தானே அது இருக்கிறது.

செலவுப் பக்கத்திலும் இதே கணக்கு. தாள்காரர் 25 நாள் தவணை தருகிறார் என்றால் பதினைந்தாம் நாளே கொடுத்து நல்ல பெயர் வாங்குவதில் பத்து நாள் வட்டி போகிறது. முன்கூட்டிக் கொடுத்தால் அவர் தள்ளுபடி தருகிறாரா என்று கேளுங்கள். 2,00,000க்குப் பத்து நாள் வட்டி 658. தள்ளுபடி அதற்கு மேல் இருந்தால் முன்னால் கொடுப்பது லாபம், இல்லையென்றால் நாள் வரட்டும்.

## நான்காம் படி: லிமிட் எவ்வளவு வேண்டும்?

வங்கி கொடுக்கிற அளவுக்கு வாங்கிக்கொண்டால் என்ன, எடுக்காததற்குத்தான் வட்டி இல்லையே? கேள்வி நியாயமானது. வட்டி இல்லை, ஆனால் செலவு இருக்கிறது.

பல வங்கிகள் லிமிட் தொகையின் மேல் வருடாந்தரக் கட்டணம் ஒன்று வாங்குகின்றன. சில வங்கிகள் எடுக்காமல் விட்ட பகுதிக்கும் ஒரு சிறு கட்டணம் போடுகின்றன, உங்களுக்காகப் பணத்தை ஒதுக்கி வைத்திருப்பதற்கு. நம் பட்டறைக்கு இரண்டுமே அரை சதவீதம் என்று வையுங்கள். வருடாந்தரக் கட்டணம் 2,500, மாதத்துக்கு 208. எடுக்காத சராசரித் தொகை 3,21,333, அதற்கு அந்த மாதம் 132. வட்டி 1,762ஓடு சேர்த்தால் 2,102. சராசரியாக எடுத்த 1,78,667க்கு இது எத்தனை சதவீதம் என்று போட்டால் வருடத்துக்கு 14.3 வருகிறது. சொன்ன விகிதம் 12, கைவிட்டுப் போவது 14.3.

இதே லிமிட்டை வைத்துக்கொண்டு சராசரியாக 30,000 மட்டும் எடுக்கிறார் என்றால்? வட்டி 296, கட்டணங்கள் 401. மொத்தம் 697. சதவீதமாகப் பார்த்தால் 28க்கு மேல். பெரிய லிமிட் பெருமைதான், ஆனால் சும்மா கிடக்கும் பெருமைக்கு வாடகை உண்டு.

சரியான அளவைக் கண்டுபிடிக்க நாள்களை எண்ணுங்கள். பட்டறையில் தாள் வந்து பெட்டியாகி விற்க 25 நாள். விற்ற பின் பணம் வர 40 நாள். ஆக 65 நாள் பணம் வெளியே நிற்கிறது. இதில் தாள்காரர் தரும் 25 நாள் தவணையைக் கழித்தால் 40 நாள். தாளும் கூலியும் மற்ற செலவும் சேர்த்து நாளுக்குச் சராசரியாக 7,000 போகிறது என்றால், தேவை 2,80,000. கூலிக்கும் வாடகைக்கும் யாரும் தவணை தரமாட்டார்கள் என்பதால் இது கொஞ்சம் குறைவான மதிப்பீடுதான். இதற்கு மேல் கால் பங்கு இடைவெளி வைத்தால் 3,50,000. பட்டறைக்கு 5,00,000 தேவையில்லை.

அந்தக் கால் பங்கு எதற்கு என்றால், வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு வாரம் தாமதிப்பதற்கு. இன்னொரு காரணமும் உண்டு. மாதக் கடைசியில் வட்டியும் இந்தக் கணக்கிலேயே பற்றாகும். லிமிட்டின் விளிம்பு வரை எடுத்து வைத்திருந்தால் வட்டி விழும் அன்று கணக்கு எல்லை தாண்டிவிடும். எல்லை தாண்டிய தொகைக்குக் கூடுதல் வட்டியோ கட்டணமோ தனி. நீங்கள் ஒரு காசும் எடுக்காமலேயே இது நடக்கும். அது போக, பற்றான வட்டி பாக்கியோடு சேர்ந்து, அடுத்த மாதத்திலிருந்து அதற்கும் வட்டி ஓடும்.

லிமிட் எழுத்தில் எவ்வளவு இருந்தாலும், சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் ஈடாக வைத்துத் தரும் வங்கிகளில் எடுக்கக்கூடிய தொகை மாதாமாதம் மாறும். டிராயிங் பவர் என்று அதைச் சொல்வார்கள். கையில் சரக்கு 1,60,000, வரவேண்டியது 3,20,000, தாள்காரருக்குத் தர வேண்டியது 1,00,000 என்று நீங்கள் பட்டியல் கொடுக்கிறீர்கள். வரவேண்டியதில் 80,000 மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால் பெரும்பாலும் அதை ஒதுக்கிவிடுவார்கள். மீதி 2,40,000ஓடு சரக்கைக் கூட்டி, தர வேண்டியதைக் கழித்தால் 3,00,000. அதில் கால் பங்கு உங்கள் சொந்தப் பணமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனையானால், எடுக்கக்கூடியது 2,25,000 மட்டும். ஐந்து லட்சம் லிமிட் என்று நம்பிக் காசோலை கொடுத்துவிட்டு, அது திரும்பி வந்த பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. பழைய பாக்கியை வசூலிக்காமல் விட்டால் பணமும் வராது, கடன் எடுக்கும் தகுதியும் குறையும்.

## ஐந்தாம் படி: இயந்திரத்தை டெர்ம் லோனில் வாங்குங்கள்

இயந்திரத்துக்கு 4,00,000, வட்டி 10.5 சதவீதம், 36 மாதம். மாதத் தவணை சுமார் 13,001. முதல் மாதம் அதில் 3,500 வட்டி, 9,501 அசல். அடுத்த மாதம் வட்டி குறைந்து அசல் கூடும். மூன்று வருடத்தில் மொத்த வட்டி ஏறக்குறைய 68,000. முடிவில் பாக்கி சுழியம்.

இதே இயந்திரத்தை ஓவர்டிராஃப்டில் வாங்கினால் என்ன ஆகும்? லிமிட்தான் ஐந்து லட்சம் இருக்கிறதே, தனியாக ஒரு விண்ணப்பம் எதற்கு என்று தோன்றும். வாங்கிய அன்று ஒரு லட்சம்தான் மிச்சம். அடுத்த 3ஆம் தேதி தாளுக்கு 2,00,000 கொடுக்கப் போனால் கணக்கு மறுத்துவிடும். ஆர்டர் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, தாள் வாங்கப் பணம் இல்லை. இந்த நிலைமையில்தான் வெளியில் கைமாற்றும் கந்துவட்டியும் ஆரம்பிக்கும்.

லிமிட் பெரிதாக இருந்து தப்பித்தாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. அசலைக் கட்டச் சொல்லி ஓவர்டிராஃப்ட் யாரையும் கட்டாயப்படுத்தாது. வட்டி மட்டும் வருடத்துக்கு 48,000 வீதம் மூன்று வருடத்தில் 1,44,000 கட்டியிருப்பீர்கள், நாலு லட்சம் பாக்கி அப்படியே நிற்கும். தவணை இருந்தால் மாதாமாதம் உதறலாகத்தான் இருக்கும், ஆனால் அந்த உதறல்தான் அசலை அடைக்கிறது.

டெர்ம் லோன் பேசும்போது ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: வட்டி குறையும் பாக்கியின் மேலா, அல்லது முதலில் வாங்கிய தொகையின் மேல் கடைசி வரையா? இரண்டாவதை ஃப்ளாட் ரேட் என்பார்கள். 4,00,000க்கு ஃப்ளாட்டாக 10.5 சதவீதம் என்றால் மூன்று வருட வட்டி 1,26,000. தவணை 14,611. கேட்கும்போது அதே 10.5தான், குறையும் பாக்கி முறையில் சொன்னால் அது ஏறத்தாழ 19 சதவீதத்துக்குச் சமம். நீங்கள் அடைத்துவிட்ட அசலுக்கும் வட்டி வாங்குகிறார்கள் என்று பொருள்.

இயந்திரம் வந்து ஓட ஆரம்பிக்கச் சில மாதங்கள் ஆகும் என்றால் தவணையைத் தள்ளிப்போடும் காலம் கேட்கலாம். அந்தக் காலத்திலும் வட்டி ஓடும், அது மட்டும் நினைவில் இருக்கட்டும். தவணைக் காலம் இயந்திரத்தின் ஆயுளைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பழுதாகிக் கிடக்கும் இயந்திரத்துக்குத் தவணை கட்டுவதைப் போல எரிச்சல் வேறில்லை.

## ஆறாம் படி: கையெழுத்துக்கு முன் அனுமதிக் கடிதத்தில் பார்க்க வேண்டியது

ஓவர்டிராஃப்ட் கடிதத்தில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும், வங்கி கேட்டவுடன் முழுப் பாக்கியையும் திருப்ப வேண்டும் என்று. கூடவே, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றும் இருக்கும். இது பெயருக்கு இருக்கும் வரி அல்ல. வியாபாரம் இறங்கிய வருடத்தில் கணக்குகளைப் பார்த்துவிட்டு வங்கி லிமிட்டைக் குறைக்கலாம். டெர்ம் லோனில் தவணை தவறாமல், மற்ற நிபந்தனைகளையும் மீறாமல் இருக்கும்வரை சாதாரணமாக அப்படிச் செய்ய முடியாது. நீண்ட காலத் தேவையை ஓவர்டிராஃப்டில் வைக்கக் கூடாது என்று சொல்வதற்கு வட்டியைவிட இதுதான் வலுவான காரணம்.

புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் இரண்டு மாதம் முன்னதாகவே குறித்துவிடுங்கள். கணக்குத் தாள்களைத் தாமதமாகக் கொடுத்து, தேதி தாண்டி, கூடுதல் வட்டி விழுந்த கதைகள் நிறைய உண்டு. டெர்ம் லோன் கடிதத்தில் முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா, வட்டி நிலையானதா மாறுவதா, எது ஈடு என்பதைப் பாருங்கள்.

## ஏழாம் படி: வருடத்துக்கு ஒருமுறை அடிமட்டத்தைத் தேடுங்கள்

ஓவர்டிராஃப்ட் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதைப் பார்க்க நான் பயன்படுத்தும் சோதனை ஒன்றுதான். கடந்த பன்னிரண்டு மாத அறிக்கைகளை எடுத்து, ஒவ்வொரு மாதமும் பாக்கி எவ்வளவு கீழே இறங்கியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் உச்சத்தைத்தான் பார்ப்பார்கள். அடிமட்டம்தான் உண்மையைச் சொல்லும்.

நம் பட்டறையின் மாதத்தில் 29ஆம் தேதி பாக்கி முழுசாக அடைந்து கையிருப்பே வந்தது. பணம் போய்த் திரும்பி வருகிறது என்று பொருள். ஆனால் அடுத்த வருடம் அடிமட்டம் முதலில் 40,000, சில மாதம் கழித்து 1,10,000, வருடக் கடைசியில் 1,60,000 என்று ஏறிக்கொண்டே போகிறது என்று வையுங்கள். அந்த 1,60,000 இனி தானாகத் திரும்பப் போவதில்லை. அது எங்கோ இறுகிவிட்டது. விற்காத சரக்கில் இருக்கலாம், வசூலாகாத பில்லில் இருக்கலாம், வீட்டுச் செலவுக்கு எடுத்ததாகவும் இருக்கலாம். வியாபாரம் நிஜமாகவே வளர்ந்து, அதற்கேற்பச் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் கூடியிருந்தாலும் அடிமட்டம் ஏறும். எது என்று பார்க்க விற்பனையை வைத்து ஒப்பிடுங்கள். விற்பனை கூடாமல் அடிமட்டம் மட்டும் ஏறினால் கசிவு இருக்கிறது.

கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகும் இறுகிய தொகை மிச்சம் நிற்கும். அதை ஓவர்டிராஃப்டிலிருந்து பிரித்துத் தனி டெர்ம் லோனாக மாற்றித் தரும்படி வங்கியிடம் நீங்களே கேளுங்கள். 1,50,000ஐ 10.5 சதவீதத்தில் 24 மாதத்துக்கு மாற்றினால் மாதத் தவணை சுமார் 6,956. அந்தத் தவணை உங்கள் மாத லாபத்துக்குள் அடங்குகிறதா என்று கேட்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அடங்கவில்லை என்றால் காலத்தை 36 மாதமாக நீட்டச் சொல்லலாம், தவணை 4,875 ஆக இறங்கும்.

மாற்றும்போது வங்கி லிமிட்டையும் அதே அளவுக்குக் குறைக்க வரும், ஐந்து லட்சம் மூன்றரை லட்சம் ஆகும். மறுக்காதீர்கள். நான்காம் படியில் நாள்களை எண்ணி வந்த தொகையும் அதேதான். வங்கி குறைக்காமல் விட்டாலும் நீங்களே குறைக்கச் சொல்லுங்கள். காலியான இடம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் இன்னும் எட்டு மாதத்தில் அது மறுபடி நிரம்பிவிடும், அப்போது ஓவர்டிராஃப்டின் பாக்கியும் இருக்கும், மேலே ஒரு தவணையும் இருக்கும்.